வாப்பா கேட்காத கேள்வி

காது கேளாத மகள் தஸ்லிமாவுக்காக எங்கு போனாலும் பேசியவர் சேக் பரீது. காரைக்குடி ஆஸ்பத்திரியில், அவளுடைய வயிற்றுவலிக்கு எக்ஸ்ரே எழுதுமுன் டாக்டரம்மா, "கடைசியா மாதவிலக்கு எப்பன்னு கேளுங்க" என்றார்.

கல்யாணமான மகளிடம் வாப்பா கேட்கிற கேள்வியா அது? "எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

"நீங்க கையவே அசைக்கலையே பாய். இதுக்குத்தான் வீட்டாளுக வேணாம்ங்கிறது."

டாக்டரம்மா எக்ஸ்ரேயை நிறுத்திவிட்டு, சிவகங்கை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நர்ஸைப் போன் போடச் சொன்னார். நாளைக் காலை பத்து மணிக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண்ணாக வேண்டும் என்று நர்ஸ் பதிந்துவைத்தாள்.

"எம் புள்ளைய என்னைய விட வர்றவளுக்குத் தெரியுமாக்கும்!" என்று முறைத்தார் பரீது.

மறுநாள் மொழிபெயர்ப்பாளர் சத்தியப்பிரியா வந்து டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரீது வெளியே நின்றார். அரைமணியில் தஸ்லிமாவே அவரை உள்ளே அழைத்துக் கைகளை அசைத்தாள். சத்தியப்பிரியா குரல் கொடுத்தாள்: "வாப்பா, நாள் தள்ளிப் பத்து நாளாச்சு. சோதிச்சுட்டாக, உண்டாயிருக்கேன். எக்ஸ்ரே வேணாம், ஸ்கேன் போதுமாம். ஏன் எதுக்குன்னு எல்லாம் நானே கேட்டுக்கிட்டேன். துபாய்க்கு வீடியோவுல அவுககிட்டயும் சொல்லிட்டேன்."

பரீது வாட்ச்மேனிடம் போய், "எம் மக டாக்டரையே கேள்வி கேட்டிருக்காய்யா!" என்று மூன்று முறை சொன்னார். பிறகு நர்ஸிடம் திரும்பினார்.

"அடுத்த தேதிக்கும் அந்தப் புள்ளையவே இப்பவே சொல்லி வையி ஆத்தா. நான் வாசல்ல நின்னுக்கிறேன்."