சனிக்கிழமையில் விழுந்தவர்கள்

அந்த வெளிநாட்டு நகரத்தின் நீச்சல் குள அலுவலகத்தில் அவளை எல்லோரும் அறிக்கையம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசல் இயந்திரத்தில் யார் சீட்டைக் காட்டி உள்ளே போனாலும் அது நேரத்தோடு பதிவாகும். அந்தப் பதிவுகளை நாள்வாரியாக எண்ணி, திங்கட்கிழமை காலையில் மேலாளரின் மேசையில் வைப்பது அவள் வேலை. எண்ணுவதற்கு அவளே ஒரு கணினிப் புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். நான்கு வருடமாக அதில் ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

குறை சொன்னது வீட்டு ஆள். கணவனின் தங்கை, அதே குளத்தில் நீச்சல் பயிற்சியாளர், வீட்டில் செல்லப் பெயர் மீன்குட்டி. வேலை முடிந்து வரும் பெண்களுக்கென வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஒரு வகுப்பு வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்று வாங்கியவள். மற்ற நாட்களில் ஒன்பதுக்கே குளத்தைப் பூட்டிவிடுவார்கள். வகுப்பு தொடங்கி ஆறு வாரம் ஆகியும், அறிக்கையில் வெள்ளிக்கிழமைக்கு முன்பைவிட இரண்டு மூன்று பேர்தான் அதிகமாகியிருந்தார்கள். இந்தத் திங்கட்கிழமையும் இப்படியே இருந்தால் வகுப்பு கிடையாது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"நாப்பது பேர் வர்றாங்க அண்ணி! உங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியலையா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, மீன்குட்டி."

"அப்ப நான் சொல்றேனா?"

அறிக்கையம்மா அறிக்கைத் தாளை எடுத்து அவள் முன்னால் தள்ளினாள். அதிலிருந்த பதிலை மீன்குட்டி புரிந்துகொண்டாள். மூன்று நாள் அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை வாயடைத்துக் கிடந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட கணவன் இருவரிடமும் "நீ சொல்றதுதான் சரி" என்று தனித்தனியாகச் சொல்லி, இருவரிடமும் திட்டு வாங்கினான்.

வெள்ளிக்கிழமை இரவு அறிக்கையம்மா கைக்காசில் ஒரு சீட்டு வாங்கி உள்ளே போனாள். ஓரமாக நின்று தலைகளை எண்ணினாள். நாற்பத்தொன்று. மருத்துவமனைச் சீருடையை மாற்றி வந்தவள், கடையைப் பூட்டிவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தவள், கரைக் கம்பியை விடமாட்டேன் என்று கத்திக்கொண்டே விட்டு நீந்தியவள் என்று குளம் கலகலத்தது. நாற்பத்தொரு பேரும் நிஜம் என்றால், பொய் தன்னுடையது.

திங்கட்கிழமை முதல் வேலையாகத் தன் சீட்டு எண்ணைத் தேடினாள். வாசல் இயந்திரத்தின் பதிவில் வெள்ளி இரவு 9.12. அவளுடைய பட்டியலில் சனி அதிகாலை 12.12. அந்த நேரத்தில் அவள் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். சாட்சிக்குக் கணவன் இருக்கிறான்.

சரியாக மூன்று மணி நேரம். பழைய இயந்திரம் உலகப் பொது நேரத்தில் பதியும்; இந்த ஊர் நேரம் அதைவிட மூன்று மணி முன்னால் என்பதால், உள்ளூர் நேரமாக்க அவளுடைய புரோகிராம் மூன்று மணி நேரம் கூட்டும். ஆண்டுத் தொடக்கத்தில் வைத்த புதிய இயந்திரம் உள்ளூர் நேரத்திலேயே பதிகிறது. புரோகிராம் பாட்டுக்கு இன்னும் கூட்டிக்கொண்டே இருந்தது. ஒன்பதுக்கு முன் வந்தவர்களின் நேரம் பிசகினாலும் நாள் பிசகவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஒன்பதுக்குப் பின் வந்தவர்கள் மொத்தமாகச் சனிக்கிழமையில் விழுந்தார்கள். சனிக்கிழமை குளம் விடுமுறை. விடுமுறைக்கு எதற்கு ஒரு வரிசை என்று அதை அறிக்கையிலிருந்து நீக்கி வைத்ததும் அவளேதான். நீக்கிய வரிசையைத் திறந்தாள். வகுப்புக்கு ஒன்பதுக்கு முன்பே வந்துவிட்ட இரண்டு மூன்று பேர் போக, முப்பத்தொன்பது பேர், பூட்டிய குளத்தில்.

புதிய இயந்திரம் பற்றிய கடிதம் அவளுக்கு வந்திருந்தது. பிரிக்காமலே கோப்பில் போட்டிருந்தாள்.

ஒரு வரியைத் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அவள் மேலாளரின் அறைக்குப் போனாள். "சார், வகுப்புல தப்பில்ல. என் புரோகிராம்லதான் தப்பு. ஆறு வாரமும் தப்பு. புது மிஷின் பத்தி வந்த கடிதாசியை நான் பிரிக்கவே இல்ல."

மேலாளர் திருத்திய தாளை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ வெள்ளிக்கிழமைதான் வாரத்துலயே கூட்டமா?"

"ஆமா சார்."

"வகுப்பு இருக்கட்டும்மா. நீங்க இனிமே கடிதாசி வந்தா பிரிச்சுப் படிங்க."

வெளியே குளத்தங்கரையில் மீன்குட்டி மிதவைப் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் துள்ளிக் குதித்தாள், விசிலை எடுத்து ஊதினாள். பிறகு சட்டென்று நின்றாள்.

"அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. நான் பொய் சொல்றேன்னுதானே நினைச்சீங்க?"

மழுப்பினால் தப்பித்துவிடலாம். அறிக்கையம்மாவுக்கு மனசு வரவில்லை. "ஆமா. நினைச்சேன். மன்னிச்சிரு."

மீன்குட்டி விசிலைக் கழுத்திலேயே தொங்கவிட்டாள். கண் கலங்கியிருந்தது. "பன்னெண்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம் அண்ணி" என்றாள். "உங்க புரோகிராமுக்கு நாலு வருஷம்தான் ஆச்சு. என்னைவிட அதைத்தானே நம்புனீங்க?"

அறிக்கையம்மா குனிந்து, மீதமிருந்த பலகைகளை எடுத்து அவளோடு சேர்ந்து அடுக்கத் தொடங்கினாள்.