நடுக்கட்டம்

லோகப்பிரியாவின் செய்முறை அறிக்கை இரண்டாவது முறையாகத் திரும்பி வந்தது. தாவரவியல் பேராசிரியர் லட்சுமணசாமி, போன தடவை கேட்டதையே மறுபடியும் சிவப்பு மையில் முதல் பக்கத்தில் கேட்டிருந்தார்: இது யாருடைய வாக்கியம்?

"வெள்ளிக்கிழம மூணு மணிக்குள்ள உன்ர சொந்த வார்த்தைல எழுதிக் கொண்டாந்துரோணும், அம்மணி. இல்லீன்னா இன்டர்னல்ல இதுக்கு முட்டைதான்" என்றார்.

லோகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேட்டுப்பாளையத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே படித்து, உயிரியலில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள். கோவைக் கல்லூரிக்கு வந்த முதல் வாரமே, தமிழ்வழியில் படித்தவர்களுக்கென்று துறையில் ஆங்கிலம் எழுதிப் பழக ஒரு நாற்பது நாள் அட்டவணை கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கட்டம். பாடநூலில் ஒரு பத்தியைப் படித்து, விஷயத்தை உருவிவிட்டு வாக்கியத்தின் கூட்டை, அதாவது எந்த விஷயத்துக்கும் பொருந்தும் அமைப்பை மட்டும் முதல் கட்டத்தில் எழுத வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, தான் சொல்ல வந்தது என்ன என்று நடுக்கட்டத்தில் தமிழில் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் மூன்றாம் கட்டத்தில் ஆங்கிலம்.

முதல் நாளே லோகா ஸ்கேல் வைத்து, நடுக்கட்டத்தை நாற்பது நாளுக்கும் சேர்த்து அடித்துவிட்டாள். இங்கிலீஷ் பழக வந்த இடத்தில் தமிழ் எதற்கு? மிச்சமான நேரத்தில் கூடுகளை மனப்பாடம் செய்தாள். பள்ளியில் மார்க் வாங்கித் தந்த வித்தை அதுதானே. காலை ரயில் காரமடை தாண்டுவதற்குள் இருபது ஒப்பித்துவிடுவாள். மொத்தம் நூற்று நாற்பது தேறியது. இவ்வளவு பாடுபட்டுப் பிழையில்லாமல் எழுதினால், யாருடைய வாக்கியம் என்கிறார் மனுஷன். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

வெள்ளிக்கிழமை மதியம் நூலகத்தில் உட்கார்ந்தபோது மணி ஒன்றரை. பக்கத்தில் ஆஷ்லி. போத்தனூர்ப் பெண், எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். இரண்டாம் தடவை கொடுத்த அறிக்கையை அழகாகத் திருத்திக் கொடுத்த புண்ணியவதி அவள்தான். லோகா புதிதாக எழுதியதை ஆஷ்லி வாங்கிப் படித்தாள். பாக்குத் தோல் உரம் பாசிப்பயறின் முளைப்பை வெகுவாக உயர்த்துகிறது என்பது ஐயமின்றி நிரூபணமாகிறது என்று, போன தடவை போலவே மனப்பாடக் கூட்டில், ஆங்கிலத்தில் இருந்தது.

"சூப்பரா இருக்கு லோகா. எப்படி நிரூபிச்சேன்னு சார் கேட்டா என்ன சொல்லுவே?"

லோகாவுக்கு அதுவரை அடக்கிவைத்த எரிச்சலெல்லாம் கிளம்பிவிட்டது. "நிரூபிச்சனா? நானெங்க புள்ள நிரூபிச்சேன்? உரம் போட்ட தொட்டில பத்துக்கு ஒம்பது மொளச்சுது. வெறும் மண்ணுல ஏழு. பத்து வெதய வெச்சுக்கிட்டு உரந்தான் காரணம்னு அடிச்சுச் சொல்லிப்போட முடியுமா? ஒரு தொட்டில தண்ணி கூடப்போயிருக்கலாம். உரம் ஒதவியிருக்குமாட்ட இருக்குது, அவ்வளவுதான்!"

நூலகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். லோகா அட்டவணையை இழுத்து விரித்தாள். ஆத்திரத்தில் சொன்னதை அப்படியே தமிழில், அடித்துப்போட்ட நடுக்கட்டத்தின் கோட்டுக்கு மேலேயே எழுதினாள். எழுதியதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. நாற்பது நாளில் அவள் சொல்ல நினைத்ததை எழுதியது இதுதான் முதல் முறை.

எண்பத்தேழாவது கூடு நினைவுக்கு வந்தது. மே ஹேவ் ஹெல்ப்ட். உதவியிருக்கக்கூடும் என்று, அடித்துச் சொல்லாமல் சொல்கிற மாதிரி. தலைகீழாகத் தெரியும், எங்கே வைப்பதென்றுதான் இத்தனை நாளும் தெரியவில்லை. அறிக்கையின் முடிவுரை முழுவதையும் நான்கு முறை அடித்து எழுதினாள்.

"குடு, கொஞ்சம் பாலிஷ் பண்ணித் தரேன்" என்று ஆஷ்லி பேனாவை எடுத்தாள்.

"வேண்டாம் ஆஷ்லி, கை வெக்காத. தப்பிருந்தா என்ர தப்பாவே இருக்கட்டும்."

ஆஷ்லியின் முகம் சுண்டிப்போனது. சமாதானம் சொல்ல நேரமில்லை. மணி மூன்றாகப் பத்து நிமிடமே இருந்தது.

லட்சுமணசாமி நின்றபடியே படித்தார். சிவப்புப் பேனா முதல் வரியிலேயே இறங்கியது. நான்கு இடத்தில் சுழித்தார். முடிவுரையில் பேனா நின்றது.

"ஏனம்மணி, போன தடவ நிரூபிச்சேன்னே. இப்ப என்ன, ஒதவியிருக்கக்கூடும்ங்கறே?"

"பத்து வெதைலீங்க சார், அதுக்கு மேல சொல்ல எனக்குத் தைரியமில்லீங்க."

அவர் பத்துக்கு ஆறு போட்டுக் கையெழுத்திட்டார். முதல் பக்கத்தின் தலையில் அந்தப் பழைய கேள்வி இல்லை.

ஆறு! தொண்ணூற்றெட்டு வாங்கினவளுக்கு ஆறு. மாலை ரயிலில் அதை நினைத்து நினைத்து எரிந்தாள். ஆஷ்லிக்கு ஒரு மன்னிப்புச் செய்தி அனுப்பினாள். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டு, மேலே நாள் ஒன்று என்று எழுதினாள். இந்தத் தடவை நடுக்கட்டத்தை மற்ற இரண்டையும்விட அகலமாகப் போட்டாள்.