பதினாறு ஓவருக்கு அப்புறம்

டிப்போ மேலாளர் வாரத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்: அரையிறுதிக்குப் போனால் அணி இருக்கும், போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் டூட்டி மாற்றித்தர முடியாது. ஞாயிறு இல்லாமல் என்ன அணி? பேருந்து ஓட்டிவிட்டு வந்து மீதி உயிரில் ஆடுகிற கூட்டம் நாங்கள். நான்தான் கேப்டன். நாற்பத்தொரு வயது, கிளட்ச் மிதித்தே தேய்ந்த இடது முழங்கால்.

ஆஸ்பத்திரி அணி தன் ஆட்டங்களை முடித்துவிட்டு நான்கு புள்ளியோடு வீட்டில் இருந்தது. இன்று அச்சக அணியை ஜெயித்தால் எங்களுக்கும் நான்கு. சமமானால் நெட் ரன் ரேட்தான் பிரிக்கும். எல்லா ஆட்டத்திலும் சேர்த்து நாம் ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து, ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது அது. ஆஸ்பத்திரிக்கு அது பிளஸ் பூஜ்யம் புள்ளி மூன்று. எங்களுடையது மைனஸில் கிடந்தது. போன ஆட்டத்தில் பதின்மூன்று ஓவரில் சுருண்டோம்; ஆல் அவுட் ஆனால் முழு இருபது ஓவரையும் தலையில் கட்டிவிடுவார்கள். அந்த ஏழு ஓவரை இன்னும் சுமந்துகொண்டிருந்தோம்.

அச்சகம் நூற்றிருபது அடித்தது. ஸ்கோரர் என் மனைவியின் தம்பி. போட்டிக் குழு வைத்த ஆள் என்பதால் மைதானத்தில் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டான். கேப்டன் கேட்டால் கணக்குச் சொல்லலாம், கேட்காமல் வாய் திறக்கக்கூடாது. அது ஸ்கோரர்களின் கட்டுப்பாடு. இடைவேளையில் போய் நின்றேன்.

"எத்தனை ஓவருக்குள்ள அடிக்கணும்டா?"

"நூத்தி இருபத்தொண்ணு எடுத்து முடிக்கறதா இருந்தா, பதினாறு ஓவர், மாமா."

"பதினாறு" என்று எல்லாரிடமும் சொன்னேன். அதுதான் காதில் விழுந்தது.

நன்றாகத்தான் ஆடினோம். பதினாறாவது ஓவரின் கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும். இழுத்து அடித்தேன், ஃபீல்டர் தடுத்துவிட்டான், ஒன்றுதான் கிடைத்தது. நூற்றிருபது, சமம். பதினாறு ஓவர் முடிந்தது. எங்கள் கதையும் முடிந்தது என்று மட்டையை ஊன்றி நின்றேன்.

எதிர்முனையில் இருந்த எங்கள் டிப்போ மெக்கானிக் மூச்சிரைக்க வந்தான். "அண்ணே, எதுக்கும் உங்க மச்சினனை ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமா?"

"இனி கேட்டு என்ன ஆகப்போகுது? பேசாம போய் நில்லு."

காலையில் நாலு மணி வண்டி ஓட்டியிருந்தேன். மேசைவரை நடக்கவே சலிப்பாக இருந்தது.

அடுத்த ஓவரின் முதல் இரண்டு பந்துகளைத் தட்டி நிறுத்தினேன். ஜெயிக்கக்கூட அவசரமில்லை. மூன்றாவது, இடுப்புக்குக் கீழே, தரையில் படாமலே ஒரு ஃபுல்டாஸ். பாவம் பார்த்துப் போட்டதுபோல வந்தது. அதை லாங் ஆனுக்குத் தள்ளி ஒரு ரன் ஓடினேன். ஜெயித்தோம். யாரும் கைதட்டவில்லை.

கைகுலுக்கியதெல்லாம் முடிந்து மேசைக்குப் போனேன். மச்சினன் கையெழுத்துக்குத் தாளை நீட்டினான். அவன் கண் சிவந்திருந்தது.

"எவ்வளவுலடா போச்சு?"

"உங்களுக்குப் புள்ளி இருபத்தஞ்சு, மாமா. ஆஸ்பத்திரிக்குப் புள்ளி முப்பது." பிறகு, "அந்த ஃபுல்டாஸ் நாலு போயிருந்தா நீங்கதான் உள்ள."

"பதினாறு ஓவர் தாண்டிடுச்சேடா?"

"அது நூத்தி இருபத்தொண்ணோட நின்னா. ஸ்கோர் சமமா இருக்கறப்ப நாலு அடிச்சா நூத்தி இருபத்தி நாலு. அந்த ரன்னும் கணக்குல ஏறும்ல? அதுக்கு இன்னும் மூணு பந்து கிடைக்கும். சிக்ஸர்னா அஞ்சு பந்து."

"தெரிஞ்சுக்கிட்டேவா உக்காந்திருந்த?"

"நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், மாமா. வரலையே."

அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அப்படி உலுக்கினால் முதலில் உலுக்க வேண்டியது என்னைத்தான். கையெழுத்துப் போட்டேன்.

மெக்கானிக் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கால் பேடைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், நீ கேட்கச் சொன்னாய், நான்தான் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன்.

அவன் அடுத்த பேடின் வாரை அவிழ்த்தான். அடுத்த ஞாயிறு அவனுக்குப் பணிமனை, எனக்கு வண்டி. அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

"விடுங்கண்ணே" என்றான். "அந்தப் பந்து எனக்கு வந்திருந்தாலும் ஒரு ரன்தான் தட்டியிருப்பேன்."

இந்த ஆறு வருஷத்தில் அவன் ஒரு ஃபுல்டாஸையும் எல்லைக்கோட்டுக்கு இந்தப்பக்கம் விட்டதில்லை.