காதுக்கு வந்த வீடியோ கால்

நாலு வருஷமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டாத ஆண்டனி ராஜ், தனக்குப் பதிலாக, மனைவி ஷெரினோடு குடியிருக்கும் பெங்களூரிலிருந்து ஒரு செல்போனை கூரியரில் அனுப்பிவைத்தான். பேரனின் கடமை அத்தோடு முடிந்தது. அவனை வளர்த்த அப்பத்தா வியாகுலமேரிக்கோ, சாவதற்குள் அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

சின்னமனூர் கடையில் சிம் விற்கும் பிரின்சி, ஆதாருக்கு விரல் வைக்கச் சொன்னாள். திராட்சைத் தோட்ட வேலையில் தேய்ந்த ரேகையை மெஷின் மதிக்கவில்லை. அட்டையையும் ஆளையும் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் சாயங்காலம் சிம்முக்கு உயிர் வந்தது. பிரின்சியே வாட்ஸ்அப் இறக்கி, மெசேஜில் வந்த ஆறு இலக்க எண்ணைப் போட்டு, பேரன் நம்பரைப் பதிந்து, கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கொடுத்தாள்.

"டேட்டா ஆன்ல இருக்கணும் பாட்டி. பேரத் தொட்டா மேல வீடியோ படம் வரும். அதத் தொடுங்க."

தொட்டாள். பேரன் எடுத்ததும் பழக்கதோஷத்தில் காதில் வைத்துக்கொண்டாள். ஞாயிறுதோறும் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு காதும் கொஞ்சம் நரைமுடியும்தான். "முகத்துக்கு நேரே பிடி" என்று அந்தப் படித்த பிள்ளை ஒருநாளும் சொல்லவில்லை. காதிடம் பொய் சொல்வது சுலபம். திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

விஷயம் கேட்டுப் பிரின்சி தலையில் அடித்துக்கொண்டாள். "மூஞ்சிக்கு நேராப் புடிங்க. பெருசாத் தெரியிறது அவரு, ஓரத்துல சின்னதா நீங்க. கேமராப் படத்துல வளைஞ்ச அம்பத் தொட்டா எதிர்ல இருக்கதக் காட்டலாம்."

மறுநாள், செத்துப்போன தாத்தா இன்னாசிக்குச் சர்ச்சில் வருஷப் பூசை. லீவு இல்லை என்று பேரன் முன்பே கைவிரித்துவிட்டான். முகத்தையாவது பார்ப்போம் என்று காலையில் கூப்பிட்டு, நேராகப் பிடித்தாள்.

முகம் தெரிந்தது. நன்றாகச் சதை போட்டிருந்தான். எங்கோ பார்த்தபடி வறுத்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இருந்த ஷட்டர் வரிசையை அவளுக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வைகை அணையில் அந்தக் கதவுகளைத் திறந்து மூடித்தான் இன்னாசி ரிட்டையர் ஆனார்.

"ஆபீஸ்ல இருக்கேன் அப்பத்தா."

"ஆபீஸ்ல மீன் வறுக்காகளா ராசா?"

அப்போதுதான் திரையைப் பார்த்தான். காது இருந்த இடத்தில் இரண்டு கண்கள் இருந்தன.

"கேமராப் படத்துல வளைஞ்ச அம்பு இருக்கும் பாரு, அதத் தொடு. அப்புறம் திரும்பி நின்னு பின்னாடி இருக்கத நல்லாக் காட்டு."

சொன்னபடி தொட்டுத் திரும்பினான். திரை முழுக்க அணை நின்றது.

"ஷெரின் வீட்டாளுக கூட... திடீர்னு கிளம்பிட்டோம் அப்பத்தா..."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"சாப்புடு. பூசை சாயங்காலம் ஆறு மணிக்கு. அங்கன இருந்து பஸ்ஸுல ரெண்டு மணி நேரத்துல வந்துரலாம். வரலைன்னா இப்பவே சொல்லிரு. செத்தவக பேரு வாசிக்கிறப்ப, தாத்தா பேரோட ஓம் பேரையும் சேத்து வாசிக்கச் சொல்லிர்றேன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் சிவப்பைத் தொட்டாள்.