அளந்து பார்த்தது

எட்வின் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டி அடிப்பவன். போதாததற்கு ரயில்வே பளுதூக்கும் அணியிலும் இருந்தான். அக்கா எலிசபெத்துக்குச் சிறுநீரகம் கொடுக்கப் பொருத்தமானவன் வீட்டில் அவன் ஒருவன்தான். ஆனால் அவன் ரத்தத்தில் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் கூடுதலாக இருந்தது. அதை வைத்துப் போட்ட கணக்கில், சிறுநீரகம் வடிகட்டும் வேகம் அறுபத்திரண்டு என்று வந்தது. தானத்துக்கு அது போதாது. வீட்டில் அவனை யாரும் குறை சொல்லவில்லை.

டாக்டர் பத்மஜா விடவில்லை. "கிரியாட்டினின் தசையிலேருந்து வர்றது. உங்க உடம்புக்கு அந்தக் கணக்கை நம்ப முடியாது. அளந்தே பாத்துடலாம்."

ஒரு கையில் துளி கதிரியக்க மருந்தை ஏற்றினார்கள். இரண்டு மணி நேரம் கழித்தும், நான்கு மணி நேரம் கழித்தும் மறு கையில் ரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு வேகமாக வடிந்துபோகிறது என்று பார்த்தார்கள். தொண்ணூற்றெட்டு.

"தாராளமா குடுக்கலாம்," என்றார் டாக்டர். "இஷ்டமில்லைன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் வேற காரணம் சொல்லிக்கிறேன்."

எட்வினுக்குச் சந்தோஷமும் வரவில்லை, பயமும் வரவில்லை. மனசு மரத்துப்போன கால் மாதிரி கிடந்தது. அக்கா படுத்திருந்த டயாலிசிஸ் வார்டுக்கு நடந்தான்.

"தொண்ணூத்தெட்டாம்க்கா."

"அப்ப அந்த அறுபத்திரண்டு?"

"அது கணக்கு. இது அளந்தது."

எலிசபெத் குழாயில் ஓடும் தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுபத்திரண்டு வந்த அன்னைக்கு நீ எல்லாருக்கும் பிரியாணி வாங்கிட்டு வந்தடா," என்றாள். "இன்னைக்கு வெறுங்கையோட வந்திருக்க."