ஏழாம் வகுப்பு நடை

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளை அகிலாண்டேஸ்வரி டீச்சர் ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்தார். வாக்கியங்களின் நீளத்தையும் வார்த்தைகளின் அசைகளையும் எண்ணி, அது எந்த வகுப்புக்குரிய நடை என்று சொல்லும். வயதை மீறிய நடை என்றால் ஏஐ எழுதியதுதான் என்று சங்கரன்கோவிலின் அந்தப் பள்ளியில் முடிவுகட்டியிருந்தார்கள்.

அப்ரீன் பானுவின் கட்டுரைக்குக் கல்லூரி நடை என்று வந்தது. டீச்சர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“வாப்பாவுக்கு டயாலிசிஸ் மிஸ். நானும் கூடப் போறேன். ஹீமோடயாலிசிஸ், கிரியாட்டினின்னு அங்கன சொல்லுததைத்தான் எழுதினேன்.”

அந்த இரண்டு வார்த்தைகள் வந்த இடத்திலெல்லாம் டீச்சர் சின்ன வார்த்தைகளைப் போட்டார். வேறு எதையும் தொடவில்லை. நடை ஏழாம் வகுப்புக்கு இறங்கிவிட்டது.

அப்படியானால் ஏஐ எழுதியதில்லை என்று தேறிய கட்டுரைகள்? டீச்சர் அவற்றை மறுபடி எடுத்தார்.

சிவபிரசாத்தின் கட்டுரையும் ஏழாம் வகுப்பு நடைதான். காய்ச்சலில் இறந்த தம்பி ராகுலைப் பற்றியது. ராகுல் இருட்டுக்குப் பயப்படுவான், அண்ணன் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். அதைப் படித்து அவர் அழுதிருந்தார்.

அவனைத் தனியாக அழைத்து, “தம்பி போனதுல அம்மா எப்படிப்பா இருக்காங்க?” என்றார்.

அவன் விழித்தான். “எனக்குத் தம்பியே கிடையாது மிஸ். சின்னப் பிள்ளை எழுதுத மாதிரி வேணும்னு ஏஐகிட்ட கேட்டேன். அதுவா எழுதிச்சு.”

அப்ரீனுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். அன்றிரவு விளக்கை அணைக்கத்தான் மனம் வரவில்லை. பிறக்காத அந்தப் பிள்ளை எங்கோ இருட்டில் விரலைத் தேடிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.