விளக்கை அணைத்தால்தான் கேட்கும்

கீழ்வீடு முழுக்க வெள்ளம். இருட்டும் நேரத்தில் மாடி அறையில் நானும் கணவரும் மாட்டிக்கொண்டிருந்தோம். ரேடியோ ஓயாமல் இரைந்தது. அவர் ஏரியலை முழுக்க இழுத்து, நுனியில் கம்பி சுற்றி ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். இரைச்சல் குறையவில்லை.

“பேட்டரி செத்துடுச்சு.”

“காலையிலதானே புதுசு போட்டீங்க? பேட்டரி செத்தா குரல் கம்மும், இப்படியா இரையும்? பக்கத்துல இருக்கிற அந்த சார்ஜ் விளக்கை அணைங்க, எல்லாம் அதோட வேலை.”

முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார். இரைச்சல் சட்டென்று அடங்கி, அறிவிப்பாளரின் குரல் தெளிவாகக் கேட்டது.

“மாடிகளில் சிக்கியிருப்போர் ஜன்னலில் விளக்கை எரியவிடுங்கள். வெளிச்சம் தெரியும் வீடுகளுக்கே படகு வரும். இன்று படகு வரும் தெருக்கள்...”

மனுஷனுக்கு என்ன அவசரமோ, பாய்ந்து விளக்கைப் போட்டார். தெருப் பெயர்கள் மறுபடியும் இரைச்சலில் மூழ்கின.

நான் அணைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கோ படகு மோட்டார் ஓடியது.

எங்கள் தெரு அந்த இரைச்சலுக்குள் இருந்ததா, தெரியவில்லை.